எட்டு வினாடியும் எட்டாத வேகமும்

1710ஆம் ஆண்டு ஜூன் மாதம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உச்சியில், தரையிலிருந்து 220 அடி உயரத்தில், ஒரு மரப்பலகையைப் பொருத்தியிருந்தார்கள். அதன் ஒரு பக்கம் இரும்புக் கீல்களில் மாட்டப்பட்டிருந்தது. மறுபக்கத்தை ஒரு மர முளை தாங்கியது. பலகையின் மேல் இரண்டு கண்ணாடி உருண்டைகள். ஒன்று ஓர் அங்குலம்கூட இல்லாத சிறிய உருண்டை. உள்ளே முழுக்கப் பாதரசம். இன்னொன்று ஐந்து அங்குல விட்டமுள்ள மெல்லிய கண்ணாடிக் கோளம். உள்ளே வெறும் காற்று. முளையில் கட்டிய இரும்புக் கம்பி தரைவரை தொங்கியது. கீழே நிற்பவர் கம்பியை இழுத்தால் முளை கழன்றுவிடும், பலகை கீலில் சுழன்று கவிழும், இரண்டு உருண்டைகளும் ஒன்றாக விழும். அதே இழுப்பில், வினாடிக்கு ஓர் ஆட்டம் ஆடும் ஊசல் ஒன்றும் விடுபடும். நேரத்தைக் கணக்கிட அதுதான் கருவி.

சோதனையைச் செய்தவர் பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ. முடிவுகளை எடுத்துத் தன் 'பிரின்சிபியா'வின் இரண்டாம் பதிப்பில் (1713) அலசியவர் ஐசக் நியூட்டன். இதுபோல ஆறு இணை உருண்டைகளை விழவிட்டார்கள். பாதரச உருண்டைகள் ஏறக்குறைய 4 வினாடியில் தரையைத் தொட்டன. காற்றடைத்த கோளங்களுக்கு 8 முதல் 8½ வினாடிவரை ஆயிற்று.

கனமான பொருளும் இலேசான பொருளும் ஒன்றாகவே விழும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றே இல்லாத இடத்தில் அது முழு உண்மை. அங்கே, விழத் தொடங்கி t வினாடி கழித்து வேகம் v = gt. இதில் g என்பது வினாடிக்கு வினாடி கூடும் வேகம், 9.8 மீட்டர். முதல் வினாடி முடிவில் வேகம் 9.8, இரண்டாவதன் முடிவில் 19.6, மூன்றாவதன் முடிவில் 29.4 என்று ஏறிக்கொண்டே போகும். இந்தக் கணக்குப்படி 220 அடியை, அதாவது 67 மீட்டரை, எந்த உருண்டையும் 3.7 வினாடியில் கடந்து, மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோத வேண்டும். பாதரச உருண்டை இதற்கு அருகில் வந்துவிட்டது. காற்றுக் கோளமோ இரண்டு மடங்குக்கும் மேல் நேரம் எடுத்துக்கொண்டது.

v = gt என்ற சூத்திரத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நேரம் கூடக்கூட அது எந்த இடத்திலும் நிற்பதில்லை. நூறு வினாடி விழுந்தால் வேகம் 980, ஆயிரம் வினாடி விழுந்தால் 9800. காற்றில் விழும் எதுவும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதைக் கலிலியோவே உணர்ந்திருந்தார். 1638இல் வெளியான தன் நூலில், காற்றின் தடையால் விழும் பொருளின் வேகம் கடைசியில் ஒரே சீராகிவிடும் என்று எழுதியிருக்கிறார். எவ்வளவு வேகத்தில் சீராகும், அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதற்குக் கணக்கு வேண்டியிருந்தது. அந்தக் கணக்குதான் நியூட்டனுடையது.

கண்ணாடிக் கோளம் கீழே வரும்போது தன் வழியில் இருக்கும் காற்றை ஒதுக்கித் தள்ள வேண்டும். வேகம் இரட்டிப்பானால், ஒரு வினாடியில் எதிர்ப்படும் காற்றின் அளவு இரட்டிப்பாகிறது. அந்தக் காற்று ஒவ்வொன்றையும் இரட்டிப்பு வேகத்தில் விலக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் தடை ஒன்பது மடங்கு. கோளத்தின் எடையோ தொடக்கம் முதல் முடிவுவரை மாறாமல் இருக்கிறது. மாறாத எடை கீழே இழுக்கிறது. வேகத்தோடு வளரும் தடை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கக்கூடிய வேகம் ஒன்றுதான் உண்டு. அந்த வேகத்தை V என்று வைத்துக்கொள்வோம். நம் பாடநூல்கள் அதை முற்றுத்திசைவேகம் என்கின்றன.

நியூட்டனின் அட்டவணையில் முதலில் வரும் கோளத்தையே எடுத்துக்கொள்ளலாம். விட்டம் 5.1 அங்குலம், அதாவது 13 சென்டிமீட்டர். எடை 510 கிரெயின். நம் அளவில் 33 கிராம். அவ்வளவு பெரிய கோளத்துக்கு இது மிகக் குறைவான எடை. ஒரு கோளத்தின் மீது காற்று செலுத்தும் தடையின் அளவையும் நியூட்டன் தன் கோட்பாட்டிலிருந்தே கணக்கிட்டிருந்தார். இன்றைய முறையில் எழுதினால் அவருடைய தடைக் கெழு 0.5 என்று வருகிறது. காற்றோட்டத்தைப் பற்றி அவர் வைத்திருந்த சித்திரத்தை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் இந்த அளவுள்ள கோளம் இந்த வேகத்தில் செல்லும்போது இன்றைய ஆய்வகங்கள் அளந்து சொல்வதும் 0.5ஐ ஒட்டிய எண்ணைத்தான். எடையையும் விட்டத்தையும் காற்றின் அடர்த்தியையும் போட்டுக் கணக்கிட்டால் V வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் என்று கிடைக்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டர்.

இனிதான் விஷயத்தின் கரு. கோளம் இந்த 9 மீட்டர் வேகத்தை எப்போது அடைகிறது?

வேகம் பூஜ்யமாக இருக்கும்போது தடை கிடையாது. கோளம் முழு g முடுக்கத்தோடு விழத் தொடங்குகிறது. வேகம் V-யில் பாதியாகும்போது தடை எடையில் கால் பங்கு. முடுக்கம் g-யில் முக்கால் பங்காகக் குறைந்திருக்கும். வேகம் V-யில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும்போது தடை எடையில் நூற்றுக்கு 81 பங்காகி, மிச்சமிருக்கும் முடுக்கம் 19 பங்குதான். வேகம் V-யை நெருங்க நெருங்க, அதை மேலும் கூட்டக்கூடிய விசை வற்றிக்கொண்டே வருகிறது. வேகம் சரியாக V ஆகும் கணத்தில் கூட்டுவதற்கு ஒன்றுமே மீந்திருக்காது. அப்படியானால் கடைசித் துளி வேகத்தை எந்த விசை கொடுக்கும்? கோளம் V-யை அடைகிறதா, இல்லையா?

விடை சூத்திரத்தில் இருக்கிறது. தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்று வைத்துக்கொண்டு நியூட்டனின் இயக்க விதியைத் தீர்த்தால், t வினாடி கழித்துக் கோளத்தின் வேகம்:

v = V × (1 − k) / (1 + k), இதில் k = e^(−2gt/V)

e என்பது 2.718 என்று தொடங்கும் எண். மிரள வேண்டியதில்லை, k எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும். t பூஜ்யமாக இருக்கும்போது k சரியாக 1. மேலே 1 − 1, அதாவது பூஜ்யம். கோளம் ஓய்வில் இருக்கிறது. அதற்குப் பின் ஒவ்வொரு வினாடியிலும் k ஒரே விகிதத்தில் சுருங்குகிறது. நம் கோளத்துக்கு அந்த விகிதம் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு வினாடியில் 1/9, அடுத்த வினாடியில் அதிலும் 1/9, அதற்கடுத்து அதிலும் 1/9. எத்தனை முறை இப்படிச் சுருங்கினாலும் k பூஜ்யம் ஆவதில்லை. ஆனால் பூஜ்யத்தைத் தவிர வேறெந்த எண்ணையும் நோக்கி அது போகவுமில்லை. k பூஜ்யத்தை நோக்கிப் போனால் பின்னத்தின் மேலும் கீழும் 1 ஆகின்றன. v, V-யை நோக்கிப் போகிறது. நேரம் முடிவிலியை நோக்கி வளரும்போது வேகத்தின் எல்லை V என்று கணிதம் சொல்வது இதைத்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் நெருக்கம் கண்ணுக்குத் தெரியும். முதல் வினாடி முடிவில் கோளத்தின் வேகம் 7.17 மீட்டர், 9க்கு இன்னும் 1.83 குறைவு. இரண்டாவது வினாடி முடிவில் 8.77, குறை 23 சென்டிமீட்டர். மூன்றாவதில் 8.974; குறை 2.6 சென்டிமீட்டர். நான்காவதில் குறை வெறும் 3 மில்லிமீட்டர். எட்டாவது வினாடியில், கோளம் தரையைத் தொடப்போகும் வேளையில், குறை வினாடிக்கு ஒரு மைக்ரானிலும் பாதி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஆகவே கேள்விக்கு நேரான பதில்: சூத்திரத்தின்படி கோளம் V-யை எந்த வினாடியிலும் அடைவதில்லை. பத்தாவது வினாடியிலும் இல்லை, ஆயிரமாவது வினாடியிலும் இல்லை. 'முடிவிலி நேரத்தில் அடைகிறது' என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்பவர்கள் முடிவிலியை நாட்காட்டியின் கடைசித் தாளாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு நாள் கிடையாது. எல்லை என்ற கருத்துக்கு அது தேவையும் இல்லை. எல்லை தரும் உறுதிமொழி வேறு வகை. எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். எந்த வினாடியிலிருந்து அந்த நெருக்கம் நிலைத்திருக்கும் என்று அது சொல்லும். ஒரு சென்டிமீட்டருக்குள் வேண்டுமா? 3.44 வினாடிக்குப் பிறகு எப்போதும். ஒரு மில்லிமீட்டருக்குள்? 4.5 வினாடிக்குப் பிறகு எப்போதும். ஒரு மைக்ரானுக்குள்? 7.7 வினாடி. நெருக்கத்தைப் பத்து மடங்கு கூட்டிக் கேட்கும் ஒவ்வொரு தடவைக்கும் கோளம் எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் ஏறக்குறைய ஒரு வினாடிதான். இங்கே 'எப்போதும்' என்ற சொல் முக்கியம். ஒருமுறை நெருங்கிவிட்டு மறுபடி விலகிப் போனால் அது எல்லை ஆகாது.

இந்தச் சோதனையில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. 1710இல் யாராலும் விழும் கோளத்தின் வேகத்தை நேரடியாக அளக்க முடியாது. கையில் இருந்தவை உயரமும் மொத்த நேரமும் மட்டுமே. ஒருபோதும் அடையப்படாத, அளக்கவும் முடியாத ஒரு வேகத்தை, ஊசலின் எட்டு ஆட்டங்களை வைத்து எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு கற்பனைக் கோளத்தை நினைத்துக்கொள்வோம். அது உண்மைக் கோளத்தோடு அதே கணத்தில் புறப்படுகிறது. ஆனால் முதல் கணத்திலிருந்தே சரியாக வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் போகிறது. உண்மைக் கோளம் மெதுவாகத் தொடங்குவதால் பின்தங்கும். அடுத்தடுத்த வினாடிகளில் அதுவும் 9 மீட்டரை ஒட்டிய வேகத்துக்கு வந்துவிடுவதால், பின்தங்கிய தூரம் அதற்குமேல் அதிகம் வளராது. அந்தத் தூரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. V²/g என்ற நீளத்தை, 2இன் இயல்மடக்கையான 0.693ஆல் பெருக்க வேண்டும். நம் கோளத்துக்கு அது 5.7 மீட்டர். நேரத்தில் சொன்னால் 0.64 வினாடித் தாமதம்.

இது கிடைத்துவிட்டால் மிச்சக் கணக்கு எளிது. 67 மீட்டரை 9ஆல் வகுத்தால் 7.45 வினாடி. தாமதம் 0.64ஐச் சேர்த்தால் 8.09 வினாடி. ஊசல் காட்டியதோ இந்தக் கோளத்துக்கு 8½ வினாடி.

'பிரின்சிபியா'வின் இந்தப் பகுதியில் 1.3862943611 என்ற எண் வருகிறது. 2இன் இயல்மடக்கையை இரண்டால் பெருக்கினால் கிடைப்பது அதுதான். நாம் மேலே பார்த்த அதே தாமதத்தை, அதே காரணத்துக்காக, பத்துத் தசம இடம்வரை அவர் போட்டிருக்கிறார். எல்லைக்கு இன்றுள்ள கறாரான வரையறை அவர் காலத்தில் இல்லை. விழும் கோளம் பெறக்கூடிய மிகப் பெரிய வேகம் என்றுதான் அவர் V-யை அழைத்தார். ஆனால் அந்த எல்லை எட்டு வினாடிக்குள் எப்படிப்பட்ட தடத்தை விட்டுச் செல்லும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

8.09க்கும் 8.5க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. துப்புக் கொடுத்தவை பாதரச உருண்டைகள். காற்றில்லாத கணக்குப்படி 3.7 வினாடியில் விழ வேண்டியவை 4 வினாடி எடுத்துக்கொண்டிருந்தன. ஊசல் ஆடத் தொடங்கிய கணத்திலேயே உருண்டைகள் பலகையை விட்டு விலகவில்லை என்று அவர் முடிவு செய்தார். முளை கழன்ற பின்னும் பலகை கவிழச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்தை 0.3 வினாடி என்று மதிப்பிட்டு, காற்றுக் கோளங்களின் நேரத்திலிருந்து கழித்தார். நம் கோளத்துக்கு அது 8.2 வினாடி ஆகிறது. அந்த நேரத்தில் கோட்பாட்டுப்படி கோளம் விழ வேண்டிய உயரம் ஏறக்குறைய 227 அடி என்று அவர் கணக்கிட்டார். உண்மையான உயரம் 220. கண்ணாடியும் கம்பியும் ஊசலும் கொண்டு செய்த ஒரு சோதனைக்கு இது வியக்கத்தக்க பொருத்தம்.

சரி, பாதரச உருண்டைக்கு எல்லை கிடையாதா? உண்டு. அதே காற்று, அதே விதி, அதே சூத்திரம். விட்டம் 2 சென்டிமீட்டர், எடை 59 கிராம் என்று போட்டால் V வினாடிக்கு 77 மீட்டர் என்று வருகிறது. ஆனால் தரையைத் தொடும்போது அதன் வேகம் 34 மீட்டரைத்தான் ஒட்டியிருக்கும். எல்லையில் பாதியைக்கூட அது பார்க்கவில்லை.

இரண்டு உருண்டைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வது V/g என்ற ஒரே அளவு. வேகத்தை முடுக்கத்தால் வகுப்பதால் இது ஒரு நேரம். காற்றுக் கோளத்துக்கு இது 0.92 வினாடி, எட்டு வினாடிப் பயணத்தில் இப்படிப்பட்ட நேரத் துண்டுகள் கிட்டத்தட்ட ஒன்பது அடங்கிவிடும். பாதரச உருண்டைக்கோ 7.9 வினாடி, அதன் பயணம் முழுவதும் சேர்ந்தாலும் ஒரு துண்டில் பாதிதான். 'நேரம் மிக அதிகமாகும்போது' என்று கணிதம் சொல்லும்போது, எதை விட அதிகம் என்ற கேள்வி எழ வேண்டும். V/g-ஐ விட அதிகம் என்பதே பதில். காற்றுக் கோளத்துக்கு எட்டு வினாடி என்பது ஏறத்தாழ முடிவிலி. பாதரச உருண்டைக்கு நான்கு வினாடி என்பது இன்னும் தொடக்கம். அதனால்தான் அது v = gt என்ற பழைய சூத்திரத்தை ஒட்டியே விழுந்தது. பெரிய சூத்திரத்தில் t-ஐ மிகச் சிறியதாக வைத்தால் அந்தப் பழைய சூத்திரமே திரும்பக் கிடைக்கும்.

எல்லையின் இன்னொரு குணத்தையும் இங்கே பார்த்துவிடலாம். காற்றுக் கோளத்தை மேலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கி எறிந்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது தொடக்க வேகமே எல்லையை விட அதிகம். தடை எடையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும். கோளம் வேகம் குறைந்துகொண்டே விழும். ஒரு வினாடியில் 9.8 மீட்டர், இரண்டாவது வினாடியில் 9.1. கீழிருந்து ஏறி வந்த அதே எண்ணை இப்போது மேலிருந்து இறங்கி நெருங்குகிறது. எப்படித் தொடங்கினாலும் எல்லை மாறுவதில்லை. எடை, வடிவம், காற்று ஆகியவைதான் அதை நிர்ணயிக்கின்றன. விமானத்திலிருந்து குதித்தவர் பாராசூட்டை விரிக்கும் கணத்தில் நடப்பதும் இதுதான். வயிறு தரையைப் பார்க்க விழும் ஒருவரின் எல்லை மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். விரிந்த பாராசூட்டோடு சேர்ந்தால் அவருக்குப் புதிய, மிகச் சிறிய ஓர் எல்லை. பழைய வேகத்திலிருந்து புதிய எல்லையை நோக்கி அவர் மேலிருந்து இறங்குகிறார்.

செயின்ட் பாலுக்கே திரும்புவோம். 1719 ஜூலையில் ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியர்ஸ் அதே தேவாலயத்தில், இன்னும் உயரமான இடத்திலிருந்து, 272 அடியில், இன்னும் இலேசான பொருளை விழவிட்டார். பன்றியின் சிறுநீர்ப்பைகளை ஈரமாக்கி, உருண்டையான மர அச்சுக்குள் வைத்து ஊதி, உலரவிட்டுச் செய்த கோளங்கள் அவை. அவற்றில் ஒன்றின் விட்டம் நம் கண்ணாடிக் கோளத்தின் விட்டத்தை ஒட்டியது. எடையோ 128 கிரெயின், கண்ணாடிக் கோளத்தில் கால் பங்கு. தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால், எடை கால் பங்கானால் எல்லை வேகம் பாதியாக வேண்டும். கணக்குப்படி அது 4.4 மீட்டர், 272 அடி விழ 19.2 வினாடி. அந்தப் பை விழ எடுத்துக்கொண்ட நேரம் 19 வினாடி. அதே உயரத்திலிருந்து விழவிட்ட ஈயக் குண்டுகளுக்கு 4¼ வினாடிதான் ஆயிற்று.

எல்லாப் பைகளும் இப்படி ஒழுங்காக விழவில்லை. சில நேராக வராமல் காற்றில் இங்குமங்கும் அலைந்தன; சுருக்கம் விழுந்த தோல் தடையைக் கூட்டியது. இதை நியூட்டனே குறிப்பிட்டிருக்கிறார். அலையும் பொருளுக்கு நம் சூத்திரத்தை அப்படியே போட முடியாது. மாறாத V என்ற ஒன்று இருப்பதாகத்தான் சூத்திரம் தொடங்குகிறது. பொருள் புரண்டு புரண்டு தன் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், தடையும் அதோடு மாறும். உதிரும் இலை ஒன்றின் வேகம் எந்த எண்ணிலும் போய் அமைவதில்லை. சராசரி மட்டுமே ஓரளவு நிலைக்கும்.

வேகத்தின் இருமடி என்ற விதிக்கும் ஒரு வரம்பு உண்டு. மிகச் சிறிய, மிக மெதுவாக விழும் துகள்களுக்குத் தடை வேகத்துக்கு நேர் விகிதத்தில்தான் வளர்கிறது. கோள வடிவத் துகளுக்கு அந்தத் தடையின் அளவை 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வகுத்துத் தந்தார். நுண்கணிதப் பாடங்களில் மாணவர்கள் சந்திக்கும் சூத்திரம் பெரும்பாலும் இந்த வகைதான்:

v = (mg/c) × (1 − e^(−ct/m))

m நிறை, c தடையின் மாறிலி. t வளர வளர e உள்ள உறுப்பு கரைந்துபோய் mg/c என்ற எல்லை மிஞ்சுகிறது. இந்தச் சூத்திரத்தைப் பாராசூட் வீரருக்குப் போட்டுக் கணக்குக் கொடுக்கும் புத்தகங்கள் உண்டு. எல்லை என்ற கருத்தைக் கற்பிக்க அது உதவலாம். இயற்பியலாக அது சரியில்லை. இந்தச் சூத்திரம் உண்மையாகப் பொருந்துவது மேகத்தில் இருக்கும் நீர்த்துளிக்கு. 20 மைக்ரான் விட்டமுள்ள துளியின் எல்லை வேகம் வினாடிக்கு 1.2 சென்டிமீட்டர்தான். ஆயிரத்தில் ஒரு வினாடியை ஒட்டிய நேரத்திலேயே அது தன் எல்லையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிடும். அசையாத காற்றில் ஒரு கிலோமீட்டர் இறங்க அதற்கு ஒரு நாள் போல ஆகும். மேலெழும் காற்று இலேசாக வீசினாலும் போதும், துளி இறங்குவதற்குப் பதிலாக ஏறும். மேகங்கள் கீழே விழாமல் நிற்பதற்கு இந்தச் சிறிய எல்லை ஒரு பெரிய காரணம்.

இதுவரை பார்த்த எல்லாவற்றிலும் காற்றின் அடர்த்தி மாறாது என்று வைத்துக்கொண்டோம். 220 அடிக்கு அது சரி. 39 கிலோமீட்டருக்கு?

2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹீலியம் பலூனில் ஏறிச் சென்று 38,969 மீட்டர் உயரத்திலிருந்து அழுத்த உடையோடு குதித்தார். அங்கே காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதைப் போல முந்நூறில் ஒரு பங்கை ஒட்டியது. அடர்த்தி குறைந்தால் எல்லை வேகம் அதன் இருமடி மூலத்தின்படி உயரும். அந்த உயரத்தில் அவருக்கான எல்லை, தரைக்கு அருகில் இருப்பதைப் போலப் பல மடங்கு. தொடக்கத்தில் அவர் v = gt என்ற சூத்திரத்தின்படியே விழுந்தார். கீழே வர வர வேகம் ஏறியது. அதே சமயம் காற்று அடர்ந்துகொண்டே வந்ததால் எல்லை இறங்கிக்கொண்டே வந்தது. முதல் நிமிடத்துக்குள் அவர் மணிக்கு 1357.6 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அங்கே ஒலி செல்லும் வேகத்தைப் போல 1.25 மடங்கு அது.

அதற்குப் பிறகு, பாராசூட்டை விரிக்காமல் விழுந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய வேகம் குறையத் தொடங்கியது. உச்ச வேகத்தில் இருந்த அந்தக் கணத்தில் வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதாவது தடை எடைக்குச் சரிசமம். அந்த உயரத்துக்கான எல்லையும் அவருடைய வேகமும் அங்கே ஒன்றாக இருந்தன. மாறாத காற்றில் கண்ணாடிக் கோளம் எத்தனை வினாடி விழுந்தாலும் தொட முடியாத வேகத்தை, மாறும் காற்றில் பாம்கார்ட்னர் ஒரே ஒரு கணம் சரியாகத் தொட்டுவிட்டுக் கடந்துபோனார். அதன்பின் பாராசூட் விரியும்வரை, இறங்கிக்கொண்டே போன அந்த எல்லையை விடச் சற்றே கூடுதலான வேகத்தில், அதைத் துரத்திக்கொண்டே விழுந்தார்.